கலைந்து வந்த தாள்களும் காரைக்குடி மொழிபெயர்ப்பும்

காரைக்குடியில் இப்போது எல்லாம் கிடைக்கிறது. கையில் வந்த தாளைத் திருப்பிப் பார்க்கும் பொறுமை மட்டும் கிடைக்கவில்லை.

எங்கள் வளவு வீட்டின் 1961ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தை ஆங்கிலத்தில் தரும்படி சிங்கப்பூர் வழக்கறிஞர் கேட்டிருந்தார். 22 தாள். சித்தப்பா மகன் கைபேசியில் படம் எடுத்து, நாலைந்து தவணையாக வாட்ஸ்அப்பில் மொழிபெயர்ப்பு நிலையத்துக்கு அனுப்பினான். படங்கள் முன்பின்னாகப் போய்ச் சேர்ந்தன. நிலையத்தாரோ வந்த வரிசைக்கே 1, 2 என்று எண் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் என்றால் இப்படிப் படங்களாகப் போனதை வாங்கவே மாட்டார்கள். ஒரே பிடிஎஃப் கோப்பாகக் கொண்டு வா என்று திருப்பியிருப்பார்கள். இங்கே முகம் கோணாமல் வாங்கிக்கொள்வார்கள். அந்த நல்ல மனசுதான் வினையாயிற்று.

எனக்கு எரிச்சல் மூட்டியது வரிசை மாறியது அல்ல. மாறியதே தெரியாதபடி மொழிபெயர்த்திருந்தார்கள். பழைய பத்திரத்தில் ஒரு வாக்கியம் இரண்டு மூன்று தாள் ஓடும். வினைச்சொல் கடைசியில்தான் வரும். தமிழில் தாள் பாதி வாக்கியத்தில் முடிவதால், அடுத்து வரும் தாள் ஒட்டவில்லை என்றால் உடனே இடறும். இவர்களோ ஒவ்வொரு படத்தின் முடிவிலும் ஒரு முற்றுப்புள்ளி வைத்து வழித்துவிட்டார்கள். படித்தால் எங்கும் தடுக்காது. தடுக்காததுதான் ஆபத்து.

பக்கத்து வீதியில் ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர் இருக்கிறார். எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, காலத்துப் பழக்கம். திண்ணையில் அமர்ந்து மொழிபெயர்ப்பைப் பேரன் படித்துச் சொல்லக் கேட்டவர், ஓரிடத்தில் கையை உயர்த்தினார்.

"தம்பி, உங்கள் அப்பச்சிக்கு விழுந்தது தென்புறத்து அறைகள்தானே? அதற்குத் தெற்கே முற்றம் எப்படி வரும்?"

வளவில் முற்றம் நடுவில் இருக்கிறது. தென்புறத்து அறைக்கு வடக்கேதான் பத்தியும் முற்றமும், தெற்கே வெளிச்சுவர். மொழிபெயர்ப்பில் இது தலைகீழாக இருந்தது. அசலை விரித்துப் பார்த்தோம். 11ஆம் தாள் அப்பச்சியின் அறைகளைச் சொல்லி, "இதற்கு எல்லையாவது" என்று முடிகிறது. பெரியப்பச்சியின் வடபுறத்து அறைகளைச் சொல்லும் 14ஆம் தாளும் அதே இரண்டு சொல்லில் முடிகிறது. 12ஆம் தாளும் 15ஆம் தாளும் "வடக்கில்" என்றே தொடங்குகின்றன. இரண்டும் இடம் மாறியதில் பெரியப்பச்சி அறைகளின் எல்லை அப்பச்சி பங்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. எழுத்தை வைத்துப் பார்த்தால் எந்தக் குறையும் கிடையாது. வீட்டைத் தெரிந்தவனுக்குத்தான் பிசகு தெரியும்.

அவர் இன்னொரு சோதனையும் சொன்னார். பாகப்பத்திரத்தில் எல்லைகள் ஒன்றுக்கொன்று சாட்சி. ஒருவர் பங்குக்கு மேற்கே மற்றவர் பங்கு என்றால், அந்த மற்றவருக்குக் கிழக்கே முதலாமவர் வந்தாக வேண்டும். வராவிட்டால் தாள் மாறியிருக்கிறது, அல்லது ஒரு தாளைக் காணோம்.

அதைவிட எளிய வழி தாளின் பின்புறத்திலேயே இருந்தது. பதிவான பத்திரத்தில் சார்பதிவாளர் அலுவலகக் குறிப்பு இருக்கும்: எந்த ஆண்டு, எந்தப் புத்தகம், ஆவண எண், மொத்தம் எத்தனை தாள், இது எத்தனையாவது தாள். பின்புறம் வெற்றுத்தாள் என்று நினைத்து சித்தப்பா மகன் படமே எடுக்கவில்லை. நிலையத்தாரும் கேட்கவில்லை. பத்திரம் மொழிபெயர்ப்பதே தொழிலாக வைத்திருப்பவர்கள் இதைக் கேட்க வேண்டாமா? சிங்கப்பூரில் கடைநிலை எழுத்தர்கூட முதலில் பின்பக்கத்தைத்தான் கேட்பார் என்று சொல்ல வாய் வந்தது. பெரியவர் மோர் நீட்டியதால் அடங்கினேன். பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்ட அந்த மோருக்குச் சிங்கப்பூரில் எந்தக் கடையிலும் ஈடு கிடையாது, அது வேறு கதை.

மறுபடி அனுப்பும்போது ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னுமாகப் படம் எடுத்தோம். தாள் எண்ணையே கோப்பின் பெயராக வைத்தோம்: 01அ, 01ஆ, 02அ என்று. வெறும் 1, 2 என்று வைத்தால் சில கணினிகள் 1க்குப் பின் 10ஐக் கொண்டுவந்து நிறுத்தும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் வைத்த பெயரும் எடுத்த நேரமும் கழன்றுவிடும்; ஆண்ட்ராய்டு கைபேசியில் இறங்கும்போது விழும் WA0014 போன்ற எண்ணுக்கும் தாளின் எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. அதனால் ஆவணமாக இணைத்து அனுப்பினோம். பெயர் மாறாமல் போய்ச் சேர்ந்தது.

பாதி வாக்கியத்தில் தாள் முடிந்தால் மொழிபெயர்ப்பிலும் அப்படியே விட்டு, அசல் தாள் எண்ணை ஓரத்தில் போட வேண்டும் என்று எழுதியும் கொடுத்தேன். செய்து தந்தார்கள். கூடவே "வரிசை திருத்தக் கட்டணம்" என்று தாளுக்கு இவ்வளவு எனத் தனியாக ஒரு ரசீதும் நீட்டினார்கள். அந்த ரசீதில் மட்டும் வரிசை எண் பிசகவே இல்லை.