கோடையில் பள்ளிப் பை: எந்தத் தண்ணீர் பாட்டில், எந்தத் தொப்பி, எவ்வளவு நேரம் வெயில்?

பெற்றோர்களுக்கு,

மே 28-ஐ ஒட்டிக் கத்திரி முடிந்துவிடும், ஜூனில் பள்ளி திறக்கும்போது வெயில் தணிந்திருக்கும் என்று நம்பி இருந்துவிட முடியாது. சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003-ஆம் ஆண்டு மே 31 அன்று, அதாவது கத்திரி கழிந்த பிறகு. கடற்காற்று மதியம் தாண்டியும் உள்ளே வராத நாட்கள் ஜூனிலும் உண்டு. எனவே பள்ளி திறக்கும் முதல் வாரத்துக்கே தண்ணீர் பாட்டில், தலைக்கு மறைப்பு, வெளியில் இருக்கும் நேரம் ஆகிய மூன்றையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாட்டிலில் இருந்து தொடங்குவோம், வீடுகளில் அதிகம் தவறு நடப்பது அதில்தான். கடையில் நான்கு வகை கண்ணில் படும்: சாதாரண பிளாஸ்டிக் பாட்டில், ஸ்ட்ரா வைத்த சிப்பர், இரட்டைச் சுவர் ஃபிளாஸ்க், ஒற்றைச் சுவர் எவர்சில்வர் பாட்டில். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது கடைசி வகை: 750 மில்லி, அகன்ற வாய், திருகு மூடி, மூடியில் ஒரே ஒரு வாஷர். விலையோ எடையோ முதல் காரணம் அல்ல. கழுவ முடிகிறது என்பதே காரணம்.

பிளாஸ்டிக்கைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் வாங்கிக் குடித்த தண்ணீர் பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும். அது ஒருமுறைப் பயன்பாட்டுக்கானது, நாள்தோறும் நிரப்பித் தர வேண்டாம். 5 என்று இருப்பது பாலிபுரோப்பிலீன், அது பரவாயில்லை. ஆனால் உட்பக்கம் கீறல் விழுந்ததும் அழுக்கு அந்தக் கீறலில் தங்கிவிடும். அப்போது மாற்றிவிட வேண்டும். செம்புப் பாட்டிலில் வெறும் தண்ணீர் மட்டும்தான். எலுமிச்சைச் சாறோ மோரோ ஊற்றினால் புளிப்பில் செம்பு கரைந்து வயிற்றைப் புரட்டும்.

உண்மையான போட்டி ஃபிளாஸ்க்குக்கும் ஒற்றைச் சுவருக்கும்தான். ஃபிளாஸ்க்கின் பலம் மறுக்க முடியாதது. காலையில் ஊற்றிய குளிர்ந்த தண்ணீர் மாலை வரை குளிர்ந்தே இருக்கும், வெதுவெதுப்பான தண்ணீரைவிடக் குளிர்ந்த தண்ணீரைப் பிள்ளைகள் கூடுதலாகக் குடிப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேனில் வரும் பிள்ளைக்கு ஃபிளாஸ்க் வாங்கித் தந்தால் அதைத் தவறு என்று சொல்ல மாட்டோம். ஆனால் அதே கொள்ளளவுக்கு வெறும் ஃபிளாஸ்க்கின் எடையே ஒற்றைச் சுவர் பாட்டிலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கீழே விழுந்து அடியில் நெளிந்தால் இரண்டு சுவர்களுக்கு நடுவில் உள்ள வெற்றிடம் போய்விடலாம். அதைக் கண்டுபிடிப்பது எளிது. கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி, ஐந்து நிமிடம் கழித்து நடுப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். வாய்ப்பகுதி சுடுவது இயல்பு. உடல் பகுதியும் சுட்டால் அது இனி வெறும் கனமான பாட்டில்தான்.

தீர்மானமான விஷயம் மூடி. பொத்தானை அழுத்தினால் திறக்கும் மூடிகளில் இரண்டு மூன்று வாஷர், ஒரு ஸ்பிரிங், காற்றுப் போக ஒரு துளை இருக்கும். சிப்பரில் இவற்றோடு ஸ்ட்ராவும் கடித்து உறிஞ்சும் ரப்பர் முனையும் சேரும். பிள்ளையின் எச்சில், சோற்றுத் துணுக்கு, எப்போதோ ஊற்றிய ஜூஸின் சர்க்கரை எல்லாம் அந்த இடுக்குகளில் போய் உட்காரும். ஈரமும் சூடும் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். வாஷரைக் கழற்றிப் பார்க்காத வரை வெளியே ஒன்றும் தெரியாது, பாட்டில் பளபளவென்றுதான் இருக்கும். பிள்ளைக்கு மட்டும் தெரியும். “தண்ணி ஒரு மாதிரி இருக்கு” என்று ஒருமுறை சொல்லும், அதற்குப் பிறகு சொல்லாமலேயே குடிப்பதைக் குறைத்துவிடும். மாலையில் பாட்டில் பாதி நிறைந்தே திரும்பி வந்தால், பிள்ளையைக் கண்டிப்பதற்கு முன்னால் மூடியை முகர்ந்து பாருங்கள். உள்சுவரில் விரலை ஓட்டினால் வழவழப்பு தட்டினாலும் அதே பொருள்தான்.

கழுவும் முறை இதுதான். தினமும் இரவு வாஷரைத் தனியே எடுங்கள். கரண்டிக் காம்பின் மழுங்கிய முனையால் நெம்பினால் வந்துவிடும். கத்தியோ ஊசியோ பட்டால் ரப்பர் கிழிந்து ஒழுகத் தொடங்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பாட்டில் பிரஷும் போதும். பிறகு பாட்டிலைக் கவிழ்த்து, மூடியையும் வாஷரையும் தனித்தனியாகக் காலை வரை காய விடுங்கள். கழுவிய ஈரத்தோடு மூடி வைத்தால் கழுவியதற்குப் பயனில்லை. வாரம் ஒருமுறை அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து பாட்டிலையும் மூடியையும் அரை மணி நேரம் ஊற வைத்துத் தேயுங்கள். ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம்; குளோரின் எவர்சில்வரில் ஊசிமுனை அளவுக் குழிகளை உண்டாக்கும், பிறகு அந்தக் குழிகளிலிருந்து துரு கிளம்பும். இவ்வளவு செய்தும் வாஷரில் கறுப்புப் புள்ளிகள் போகாவிட்டால் பூஞ்சை உள்ளே இறங்கிவிட்டது, வாஷரை மாற்ற வேண்டும். சாதாரண எவர்சில்வர் பாட்டிலின் வட்ட வாஷர் பல பாத்திரக் கடைகளில் தனியாகவே கிடைக்கும். ஃபிளாஸ்க் மூடிகளுக்கு அந்தந்த நிறுவனத்தின் அளவுதான் பொருந்தும். பல நேரம் முழு மூடியையே வாங்க வேண்டிவரும்.

ஒற்றைச் சுவரின் குறை, தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும் என்பது. அதற்குப் பழைய பூந்துண்டில் ஒரு உறை தைத்து, நனைத்துப் போட்டு அனுப்புங்கள். ஈரம் ஆவியாகும்போது பாட்டிலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். உறை பைக்குள் இருந்தால் வேலை செய்யாது, புத்தகம்தான் நனையும். வெளிப் பக்கப் பையில் வைத்து, வகுப்பில் ஜன்னலோரம் தொங்கவிட வேண்டும். மதுரை, திருச்சி, வேலூர் போன்ற காய்ந்த வெயிலில் இது நன்றாகப் பலிக்கும். சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற புழுக்கமான ஊர்களில் அவ்வளவாக எதிர்பார்க்காதீர்கள்; அங்கே முந்தைய இரவே தண்ணீரை மண்பானையிலோ ஃபிரிட்ஜிலோ வைத்து ஊற்றித் தருவதுதான் வழி.

அளவுக்கு ஒரு கணக்கு. நான்காம் வகுப்பில், ஒன்பது வயதுப் பிள்ளை, 7.45-க்குக் கிளம்பி 4.15-க்குத் திரும்புகிறது என்று வையுங்கள். கிளம்பும் முன் ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி. மதியச் சாப்பாடு முடிவதற்குள் 750 மில்லி பாட்டில் காலியாக வேண்டும், பள்ளியில் மீண்டும் நிரப்பி மாலைக்குள் பாதிக்கு மேலாவது குடிக்க வேண்டும். விளையாட்டு நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லி வரை, தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல். போதுமா என்று அறிய வீட்டுக்கு வந்ததும் போகும் சிறுநீரின் நிறத்தைக் கேளுங்கள்: வெளிர் மஞ்சள் என்றால் சரி, கடுகு எண்ணெய் நிறம் என்றால் போதவில்லை. பெண் பிள்ளைகள் பலர் கழிவறைக்குப் போக நேருமே என்பதற்காகவே தண்ணீரைத் தவிர்க்கிறார்கள். பாட்டில் சுத்தமாக இருந்தும் தண்ணீர் மீந்தால் அதை மெதுவாகக் கேட்டுப் பாருங்கள், வகுப்பு ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.

தலைக்கு: கிரிக்கெட் தொப்பியா, சுற்றிலும் விளிம்புள்ள பருத்தித் தொப்பியா, குடையா? நடந்து வரும் பிள்ளைக்குக் குடைதான் முதலில். நிழலும் கிடைக்கும், தலைக்கும் துணிக்கும் நடுவில் காற்றும் ஓடும். விளையாடும்போதும் சைக்கிளிலும் அது உதவாது. அங்கே சுற்று விளிம்புத் தொப்பி. கிரிக்கெட் தொப்பி நெற்றியை மட்டும் காக்கும், காதும் பிடரியும் வெயிலில் வேகும். விளிம்பு ஏழு சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும், போட்டு நிற்கும்போது நிழல் பிடரியில் விழ வேண்டும். உட்பக்கம் ஸ்பாஞ்ச் வைத்த பாலியஸ்டர் தொப்பி வேர்வையை ஆறவிடாது. இறுகிய தாடைக் கயிறு ஊஞ்சல், சறுக்குகளில் மாட்டிக்கொள்ளும், அதை வெட்டிவிடுங்கள். தொப்பி வாங்க வசதி இல்லையென்றால் நனைத்துப் பிழிந்த பருத்தித் துண்டு போதும். ஆனால் காய்ந்ததும் மறுபடி நனைக்க வேண்டும்.

வெளி நேரத்தைக் குறைப்பதா, வேறு வேளைக்கு மாற்றுவதா என்றால் மாற்றுவதே மேல். மதியம் 2.30-க்கு வைத்த 40 நிமிட விளையாட்டை 20 ஆக்கினாலும் அது மதிய வெயில்தான். அதையே காலை முதல் பீரியடுக்குக் கொண்டுவந்தால் அரை மணி நேரம்கூட ஆடலாம். 12 மணி முதல் 3 மணி வரை மைதானம் வேண்டாம். மாற்ற முடியாத நாளில்தான் குறைப்பது: மர நிழலில் பத்து நிமிடம் ஆட்டம், ஐந்து நிமிடம் ஓய்வும் தண்ணீரும், அப்படி இரண்டு சுற்று. சிமெண்ட் தரை, செயற்கைப் புல் இரண்டும் மண் தரையைவிட அதிகம் சுடும். புறங்கையை வைத்து ஐந்து விநாடி தாங்க முடியாவிட்டால் அங்கே பிள்ளைகளை விடாதீர்கள். தெர்மாமீட்டர் எண்ணை மட்டும் நம்பவும் வேண்டாம். புழுக்கத்தில் வேர்வை ஆவியாகாமல் வழிந்தோடும், அப்போது உடல் குளிராது. ஆகவே சென்னையின் 36 டிகிரி சில நாட்களில் கடலோரம் இல்லாத ஊர்களின் 39-ஐவிடக் கடுமையாக இருக்கும்.

விடுமுறை முழுக்க வீட்டுக்குள்ளோ ஏசியிலோ இருந்த பிள்ளையின் உடல் வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் வாரம் பாதி நேரம், பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து தேறிய பிள்ளைக்கும் இதே கணக்கு.

தலைவலி, குமட்டல், கால் தசை இழுப்பு என்றால் ஆட்டத்தை நிறுத்தி, நிழலில் உட்கார வைத்து, ஷூ சாக்ஸைக் கழற்றி, ஓ.ஆர்.எஸ். கரைசலை மிடறு மிடறாகக் கொடுங்கள். பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், கால்வாசி பாக்கெட்டைக் குத்துமதிப்பாகப் பாட்டிலில் போடக்கூடாது. பேச்சு குழறினால், தடுமாறினால், சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் அது வெப்பத் தாக்கு. வேர்வை வழிந்துகொண்டிருந்தாலும் அப்படித்தான். 108-ஐ அழையுங்கள், ஆம்புலன்ஸ் வரும் வரை உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் துணி வையுங்கள். நினைவு தெளிவாக இல்லாத பிள்ளையின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.