எஸ்ஐபி தொடங்கியதும் நிறுத்தியதும்: நான்கு வருட அனுபவம்

2021 ஆகஸ்டில் ஒரு செயலி வழியாக இரண்டு மியூச்சுவல் ஃபண்டுகளில் மாதம் தலா 3,000 ரூபாய் தானாக முதலீடாகும் எஸ்ஐபி போட்டேன். இப்போது இரண்டையும் நிறுத்திவிட்டேன். நிறுத்தியதற்கு ஒரு பைசா அபராதம் இல்லை. ஆனால் நடுவில் ஒரு மாதம் மட்டும் 1,180 ரூபாய் போனது, அது என் கவனக்குறைவு.

தொடங்கும்போது நெட்பேங்கிங்கில் நுழைந்து ஓடிபி கொடுத்து, கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் எடுக்க வங்கிக்கு அனுமதி தரும் மேன்டேட் போட்டேன். அதில் உச்சவரம்பு என்று 10,000 ரூபாய் காட்டியதும் பயந்துவிட்டேன். அது மாதம் எடுக்கும் தொகை இல்லை, அதற்கு மேல் எடுக்கக்கூடாது என்ற எல்லை மட்டுமே. ஒரே மேன்டேட்டில் இரண்டு எஸ்ஐபியும் ஓட அந்த இடைவெளி உதவியது.

2023இல் வேலை மாறினேன். முதல் சம்பளம் தாமதமானது, ஐந்தாம் தேதி கணக்கில் பணம் இல்லை. இரண்டு தவணையும் திரும்பின. ஃபண்டு நிறுவனம் எதுவும் கேட்கவில்லை. வங்கிதான் ஒவ்வொரு தவணைக்கும் 500 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து, மொத்தம் 1,180 பிடித்தது. அப்புறம் தேதியைப் பத்தாக மாற்றிக்கொண்டேன்.

இனி நிறுத்தும் கதை. எஸ்ஐபி வேறு, மேன்டேட் வேறு. எஸ்ஐபி என்பது ஃபண்டுக்கு நாம் தந்த உத்தரவு, மேன்டேட் என்பது வங்கிக்குத் தந்த அனுமதி. என் மச்சான் வங்கியில் மேன்டேட்டை மட்டும் ரத்து செய்துவிட்டு நிம்மதியாக இருந்தார். ஃபண்டின் பக்கம் எஸ்ஐபி உயிரோடு இருந்ததால் அடுத்த மாதமும் பணம் கேட்டார்கள், தவணை தோல்வி என்று தகவல் வந்தது. மாதத் தவணை தொடர்ந்து மூன்று முறை தோற்றால்தான் எஸ்ஐபி தானாக நிற்கும்.

அதனால் நான் முதலில் எஸ்ஐபியை ரத்து செய்தேன். 2024 டிசம்பரிலிருந்து இரண்டு வேலை நாளில் ரத்தை முடிக்க வேண்டும் என்பது விதி. இருந்தாலும் பத்தாம் தேதித் தவணைக்கு ஒரு வாரம் முன்பே, மூன்றாம் தேதியே கொடுத்தேன். ரத்து உறுதியான மின்னஞ்சல் வந்தது, பத்தாம் தேதி பணம் எடுக்கப்படவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் நெட்பேங்கிங்கில் மேன்டேட்டின் அடையாள எண்ணான UMRN-ஐச் சரிபார்த்து மேன்டேட்டை நீக்கினேன். வேறு எஸ்ஐபி அதில் ஓடிக்கொண்டிருந்தால் நீக்கக் கூடாது, அதுவும் நின்றுவிடும்.

எஸ்ஐபியை நிறுத்தினாலும் சேர்ந்த யூனிட்டுகள் அப்படியே இருக்கும். விற்றால்தான் எக்ஸிட் லோட் என்ற வெளியேறும் கட்டணத்தின் பேச்சு வரும். என் ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் விற்றால் 1 சதவீதம். ஒவ்வொரு தவணைக்கும் அந்த ஓராண்டு தனித்தனியாகக் கணக்காகும். விற்கும்போது பழைய யூனிட்டுகளே முதலில் கழியும் என்பதால், வீட்டுச் செலவுக்கு ஒரு பகுதியை எடுத்தபோது எனக்கு லோட் விழவில்லை. கடைசிப் பன்னிரண்டு தவணைகளை மட்டும் இன்னும் தொடாமல் வைத்திருக்கிறேன்.