கை சில்லென்றா, கதகதப்பா? இரண்டு ஷாக், ஒரு ரிவிஷன் தாள்

ரத்தப்போக்கால் வரும் ஹைப்போவோலீமிக் ஷாக்கையும் கிருமித்தொற்றால் வரும் செப்டிக் ஷாக்கையும் பிரித்தறிய, முதலில் நோயாளியின் கையைத் தொடுங்கள்.

பிரசவம் முடிந்து ஒரு மணி நேரமான தாய். பிபி 110/90, நாடி 124. "பிபி நார்மல்தானே" என்று நகர்ந்துவிடுவோம். ஆனால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி வெறும் 20. ரத்தம் குறைந்ததும் உடல் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது; அதனால் கீழ் எண் ஏறும், கை சில்லிட்டு வியர்க்கும், நாடி நூல்போல மெலியும். நகத்தை அழுத்திவிட்டால் சிவப்பு திரும்ப 2 விநாடிக்கு மேலாகும். மேல் எண் சரிவது பெரும்பாலும் 30 சதவீத ரத்தம் போன பிறகுதான். உடனே பேடையும் கருப்பையின் இறுக்கத்தையும் பார்த்து டாக்டரை அழையுங்கள்.

செப்டிக் ஷாக்கின் தொடக்கத்தில் குழாய்கள் விரிகின்றன. பிபி 96/40 என்றால் இடைவெளி 56. கை கதகதப்பு, முகம் சிவப்பு, நாடி துள்ளும். காய்ச்சல் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. முதியவர்களுக்கு 36 டிகிரிக்குக் கீழேகூட இறங்கும். முற்றினால் இந்தக் கையும் சில்லிடும், அப்போது தொட்டுப் பிரிக்க முடியாது.

மூச்சு வேகமும், மணிக்குக் கிலோவுக்கு 0.5 மிலிக்குக் கீழே சிறுநீர் குறைவதும் இரண்டிலும் உண்டு. சில்லிட்ட கையோடு கழுத்துச் சிரையும் புடைத்திருந்தால் இதயத்தைச் சந்தேகியுங்கள்.