உப்பும் இரத்த அழுத்தமும்: மெலிந்துபோன சாய்வை மீட்க எந்த வழி?

உப்பு கூடினால் இரத்த அழுத்தம் எவ்வளவு கூடும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அழுத்தத்தைக் கருவி வைத்து அளந்துவிடலாம். ஒருவர் வழக்கமாக எவ்வளவு உப்பு சாப்பிடுகிறார் என்பதை அளப்பதுதான் கஷ்டம். உண்ணும் சோடியத்தில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும் என்பதால், 24 மணி நேரச் சிறுநீர் முழுவதையும் சேகரித்து அளப்பதுதான் இருக்கும் வழிகளில் நல்லது. ஆனால் அது அந்த ஒரு நாளின் கணக்கு. நேற்று கல்யாணச் சாப்பாடு, இன்று கஞ்சி என்றால் இரண்டு நாளின் எண்ணும் ஒத்துப்போகாது. நமக்கு வேண்டியது வழக்கமான அளவு, கையில் இருப்பது ஒரு நாள் அளவு. இந்த இடைவெளிதான் இங்கே அளவீட்டுப் பிழை.

நான்கே பேரை வைத்து, கையால் போடும் கணக்காகப் பார்க்கலாம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. உண்மையில் உப்பு 1 கிராம் கூடினால் அழுத்தம் 1 அலகு (மி.மீ. பாதரசம்) கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

| ஆள் | வழக்கமான உப்பு (கிராம்) | ஒரு நாள் அளவு | அழுத்தம் |
|---|---|---|---|
| அ | 6 | 4 | 120 |
| ஆ | 6 | 8 | 120 |
| இ | 10 | 8 | 124 |
| ஈ | 10 | 12 | 124 |

பிழை ஒரு பக்கமாகச் சாயவில்லை. இருவருக்கு 2 கிராம் குறைவாகவும் இருவருக்கு 2 கிராம் கூடுதலாகவும் வந்திருக்கிறது, சராசரி 8 மாறவே இல்லை. இப்போது ஒரு நாள் அளவை வைத்து ரெக்ரஷன் போடுங்கள். சராசரியிலிருந்து உப்பின் விலகல்கள் −4, 0, 0, 4. அழுத்தத்தின் விலகல்கள் −2, −2, 2, 2. இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் 16. உப்பு விலகல்களின் வர்க்கங்களின் கூட்டல் 32. சாய்வு 16/32 = 0.5. உண்மை 1, நமக்குக் கிடைத்தது பாதி.

ஏன் என்று அட்டவணையிலேயே தெரிகிறது. 4 என்று பதிவானவருக்கும் 12 என்று பதிவானவருக்கும் இடையே 8 கிராம் வித்தியாசம் தெரிகிறது. உண்மையில் அவர்களுக்குள் 4 கிராம்தான் வித்தியாசம். மிகக் குறைவாகப் பதிவானவர்களில் அன்றைக்கு மட்டும் குறைத்துச் சாப்பிட்டவர்கள் அதிகம் இருப்பார்கள், மிக அதிகமாகப் பதிவானவர்களில் அன்றைக்கு மட்டும் கூட்டிச் சாப்பிட்டவர்கள் அதிகம் இருப்பார்கள். பிழை கிடைமட்ட அச்சை இழுத்து நீட்டிவிடுகிறது. அழுத்தம் அதற்கேற்ப நகர்வதில்லை, அதனால் கோடு படுத்துக்கொள்கிறது. எவ்வளவு படுக்கும் என்பதை ஒரு விகிதம் சொல்லிவிடும்: உண்மை அளவின் மாறுபாட்டை (இங்கே 4) மொத்த மாறுபாட்டால் (4 + 4) வகுத்தால் வருவது. இதை நம்பகத்தன்மை விகிதம் என்பார்கள். இங்கே அது 0.5.

இதே பிழை அழுத்தத்தின் பக்கம் இருந்தால் கோடு படுக்காது. புள்ளிகள் மேலும் கீழும் சிதறும், முடிவின் துல்லியம் குறையும், அவ்வளவுதான். விளக்க மாறியில் பிழை வந்தால்தான் சாய்வு பூஜ்யத்தை நோக்கிச் சுருங்குகிறது.

சரி, என்ன செய்யலாம்?

ஆட்களைக் கூட்டுவது. பலருக்கும் முதலில் தோன்றுவது இது. இந்தச் சிக்கலுக்கு உதவவே உதவாது. நான்கு பேருக்குப் பதில் நாற்பதாயிரம் பேரை எடுத்தாலும் சாய்வு 0.5-லேயே நிற்கும். நம்பிக்கை இடைவெளி மட்டும் 0.5-ஐச் சுற்றி இறுகும். தவறான எண்ணை நெருக்கமாகச் சுட்டும் முடிவு, சந்தேகப்பட இடம் வைக்காத முடிவு. என் கணக்கில் சும்மா விடுவதைவிட இது மோசம்.

ஒரே ஆளைப் பல நாள் அளப்பது. ஒவ்வொரு நாள் பிழையும் தனித்தனியாக வந்தால், சராசரி எடுக்கும்போது பிழையின் மாறுபாடு நாட்களின் எண்ணிக்கையால் வகுபடும். நம் உதாரணத்தில் இரண்டு நாள் சராசரிக்கு 4/(4+2), அதாவது சாய்வு 0.67. நான்கு நாளுக்கு 0.8. 0.9-ஐத் தொட ஒன்பது நாள் வேண்டும். முதல் ஒன்றிரண்டு கூடுதல் நாட்களில் கிடைக்கும் பலன் பெரிது, பிறகு தேய்ந்துகொண்டே போகும். ஒன்பது நாள் சிறுநீர்க் குடுவையைத் தூக்கிக்கொண்டு திரிய யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம். இந்த வழியின் நல்ல குணம், எந்தச் சூத்திரத்தையும் நம்ப வேண்டியதில்லை. குறை, சுருக்கம் முழுதாகப் போகாது.

விகிதத்தால் வகுப்பது. 0.5-ஐ 0.5-ஆல் வகுத்தால் 1. ஒட்டுறவுக்கு இந்தத் திருத்தத்தை சார்ல்ஸ் ஸ்பியர்மேன் 1904-லேயே எழுதிவிட்டார். விகிதம் தெரிவதற்கு எல்லோரையும் மறுபடி அளக்க வேண்டாம், ஒரு சிறு குழுவை இரண்டாவது நாள் அளந்தால் போதும். இரண்டு நாள் அளவுகளின் ஒட்டுறவுதான் அந்த விகிதம்.

1988-ல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு இந்த வழியில்தான் போனது. 32 நாடுகள், 52 இடங்கள், 10,079 பேர். அவர்களில் சுமார் 8 சதவீதம் பேரிடம் மட்டும் சிறுநீர் இரண்டாவது முறை எடுக்கப்பட்டது. 1996-ல் அதே தரவை மறுபடி அலசி, திருத்தத்தையும் போட்டு, 100 மில்லிமோல் சோடியம் (சுமார் 6 கிராம் உப்பு) கூடினால் சிஸ்டாலிக் எனப்படும் மேல் அழுத்தம் 3 முதல் 6 அலகு கூடுகிறது என்றார்கள். உடனே சண்டை வந்தது. ஜார்ஜ் டேவி ஸ்மித், ஆண்ட்ரூ பிலிப்ஸ் இருவரும் திருத்தம் மிகையாகிவிட்டது என்று பிஎம்ஜே மருத்துவ இதழிலேயே வாதிட்டார்கள்.

சண்டைக்கு இடம் கொடுப்பது சூத்திரத்துக்கு அடியில் இருக்கும் அனுமானம். உப்பில் வரும் பிழைக்கும் அழுத்தத்தில் வரும் பிழைக்கும் சம்பந்தமே இல்லை என்று எடுத்துக்கொண்டுதான் வகுக்கிறோம். அன்றைக்கு உப்பு கூடியதால் அன்றைய அழுத்தமும் கொஞ்சம் ஏறியிருந்தால் அந்த அனுமானம் உடைந்துவிடும், வகுக்கும்போது விடை ஊதிப்போகும்.

3-க்கும் 6-க்கும் இடையே இவ்வளவு இடைவெளி இருப்பதும் கவனிக்க வேண்டியது. உடல் எடைக் குறியீட்டைக் கணக்கில் சேர்த்தால் எண் இறங்குகிறது, சேர்க்காவிட்டால் ஏறுகிறது. பருமனானவர்கள் அதிகம் சாப்பிடுவார்கள், அதனால் உப்பும் கூடும். நம் உதாரணத்தில் உப்பின் உண்மை மாறுபாடு 4-ல் பாதியை எடையே விளக்கிவிடுகிறது என்று வையுங்கள். எடையைச் சேர்த்த பிறகு மிஞ்சும் உண்மை மாறுபாடு 2, பிழை அதே 4. விகிதம் 0.5-லிருந்து 0.33-க்கு இறங்கிவிடும். கட்டுப்பாட்டு மாறிகளைச் சேர்க்கச் சேர்க்க சுருக்கம் கூடுகிறது. அப்போதும் பழைய 0.5-ஆல் வகுத்தால் திருத்தம் போதாது. அப்புறம், உப்பு இழந்த பங்கில் ஒரு பகுதி சரியாக அளக்கப்பட்ட எடையின் கணக்கில் ஏறிக்கொள்ளும், அதன் சாய்வு பூஜ்யத்தை விட்டு விலகிப் பெரிதாகத் தெரியும். பூஜ்யத்தை நோக்கிய சுருக்கம் என்பது ஒரே விளக்க மாறி இருக்கும்போது சொல்லும் விதி. பல மாறிகள் வந்தால் மற்றவற்றின் சாய்வு எந்தப் பக்கமும் போகலாம்.

இரண்டாவது நாளைக் கருவி மாறியாக வைப்பது. எல்லோருக்கும் இரண்டு நாள் அளவு இருந்தால் சராசரி எடுப்பதைவிட இது நன்றாக வேலை செய்யும். ஒரு நாளின் உப்புக்கும் அழுத்தத்துக்கும் உள்ள இணைமாறுபாட்டை, இரண்டு நாள் உப்புகளுக்கிடையே உள்ள இணைமாறுபாட்டால் வகுக்க வேண்டும். இரண்டு நாளுக்கும் பொதுவாக இருப்பது வழக்கமான உப்பு மட்டும் என்பதால், கீழே இருக்கும் எண்ணிலிருந்து பிழை தானாகக் கழன்றுவிடும். ஆர் மொழியில் போட்டுப் பார்க்கலாம்:

```r
n  <- 10000
x  <- rnorm(n, 8, 2)
y  <- 114 + x + rnorm(n, 0, 12)
w1 <- x + rnorm(n, 0, 2)
w2 <- x + rnorm(n, 0, 2)
w  <- (w1 + w2) / 2
cov(w1, y) / var(w1)
cov(w, y)  / var(w)
cov(w2, y) / cov(w1, w2)
```

மூன்று விடைகளும் ஏறக்குறைய 0.5, 0.67, 1 என்று வரும். இலவசமாக வரவில்லை. முதல் விடையின் திட்டப்பிழை சுமார் 0.04, மூன்றாவதற்கு அது இரு மடங்கு, சுமார் 0.085. சாய்வும் இரு மடங்கு, திட்டப்பிழையும் இரு மடங்கு என்பதால் உப்புக்குத் தொடர்பு உண்டா இல்லையா என்ற சோதனையின் முடிவு கிட்டத்தட்ட மாறாது. மாறுவது எவ்வளவு என்ற கேள்விக்கான பதில்.

இந்த வழி கவிழும் இடம் ஒன்றுதான், ஆனால் அது பெரிய இடம். இரண்டு நாள் பிழைகளும் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். சிறுநீருக்குப் பதில் கேள்வித்தாள் கொடுத்து, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், ஊறுகாயைச் சொல்ல மறப்பவர் இரண்டு முறையும் மறப்பார். பிழைகளுக்கிடையே 2 அளவு இணைமாறுபாடு வந்தாலே விடை 4/6, அதாவது 0.67. மோசம் என்னவென்றால், இரண்டு நாள் விடைகளும் அப்போது நன்றாக ஒத்துப்போகும், கருவி உறுதியானது போலத் தோன்றும். அந்த இரண்டு கேள்வித்தாள்களை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. வேறு வகை அளவை, உதாரணத்துக்குச் சிறுநீரையே, கருவியாக வைத்து மறுபடி போட்டு விடை நகர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஊர்வாரியாகச் சராசரி எடுப்பது. இன்டர்சால்டில் ஓர் இடத்துக்குச் சுமார் 200 பேர். 200 பேரின் சராசரியில் நாளுக்கு நாள் வரும் பிழை கிட்டத்தட்டக் கரைந்துவிடும், சுருக்கம் போயே போய்விடும். ஆனால் 52 இடங்களில் நான்கு, பிரேசிலின் யனோமாமி மக்கள் போல உப்பு மிகக் குறைவாக உண்ணும் சமூகங்கள். அவர்களுக்கு உப்பு மட்டுமா வேறு? உடலுழைப்பு, எடை, மது எல்லாமே வேறு. அந்த நான்கை நீக்கினால் மிஞ்சும் 48 இடங்களில் அழுத்தத்தின் இடைநிலை மதிப்புக்கும் உப்புக்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை. ஒரு கோளாறைத் தீர்க்கப் போய் அதைவிடப் பெரிய கோளாறை வாங்கிக்கொள்ளும் வழி.

தலைகீழ் ரெக்ரஷனைப் பற்றி ஒரு வரி. உப்பை அழுத்தத்தின் மேல் ஓட்டி, வரும் சாய்வைத் தலைகீழாக்கினால் உச்ச வரம்பு கிடைக்கும், உண்மை இரண்டு விடைகளுக்கும் இடையே இருக்கும். அழுத்தத்தின் திட்டவிலக்கம் 12 என்றால் நம் கணக்கில் வரம்புகள் 0.5-உம் 36-உம். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஆக, போட்டி வகுப்பதற்கும் கருவி மாறிக்கும் இடையேதான். எல்லோருக்கும் இரண்டாவது அளவு இருந்தால் நான் கருவி மாறியை எடுப்பேன், கட்டுப்பாட்டு மாறிகள் சேர்ந்தாலும் விகிதத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டியதில்லை. சிறு குழுவுக்கு மட்டுமே இருந்தால் வகுப்பதுதான் வழி, அப்போது அந்தக் குழு எவ்வளவு சிறிது என்பதைப் பார்க்க வேண்டும். 100 பேரை மட்டும் மறுபடி அளந்து விகிதம் 0.5 என்று வந்தால், உண்மையில் அது 0.35-லிருந்து 0.65 வரை எங்கும் இருக்கலாம். அதனால் மட்டுமே திருத்திய சாய்வு 0.77-லிருந்து 1.43 வரை ஆடும். 800 பேரை அளந்திருந்தால் அந்த ஆட்டம் 0.91-லிருந்து 1.11-க்குள் அடங்கிவிடும். விகிதத்தைத் திட்டவட்டமான எண்ணாக எடுத்துக்கொண்டு வகுத்து, இந்த ஆட்டத்தை நம்பிக்கை இடைவெளியில் சேர்க்காமல் விட்ட முடிவுகளை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.