ஒரே பக்கம் ஒன்பது முறை: இரண்டு மழைக்காலம் பயன்படுத்திய பிறகு

கோத்தகிரி நண்பர் போன வாரம் கேட்டார்: "உங்கள் தேடலில் ஒரே செய்தி திரும்பத் திரும்ப வராமல் தடுத்திருக்கிறீர்களே, அதை நானும் சேர்த்துக்கொள்ளட்டுமா?" சரி என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். மனம் வரவில்லை. அந்தக் கருவியோடு எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது.

குன்னூரில் உட்கார்ந்து நான் நடத்துவது சிறிய தேடல் தளம்தான். மலைப்பாதை நிலவரம், மலை ரயில், பஸ் நேரம், காய்கறி விலை, அவ்வளவே. மழைக்காலத்தில் 'ரயில் ரத்து' என்று தேடினால், ஒரே அறிவிப்பை ஒன்பது தளங்கள் எடுத்துப் போட்டிருப்பதுதான் வரும். முழுப்பக்கத்தையும் அதன் எழுத்துகளிலிருந்து கணக்கிட்ட ஒரே எண்ணாக, அதாவது ஹாஷாக, மாற்றி ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு கால்புள்ளி மாறினாலும் ஹாஷ் மாறிவிடும் என்பதால் அது உதவவில்லை.

அதனால் ஷிங்கிள் முறைக்கு வந்தேன். உரையை ஐந்தைந்து சொற்களாக, ஒவ்வொரு சொல்லாக நகர்த்தி வெட்ட வேண்டும். ஒவ்வொரு துண்டும் ஒரு ஷிங்கிள். இரண்டு பக்கங்களிலும் பொதுவாக உள்ள துண்டுகளை, இரண்டிலும் சேர்த்து உள்ள வெவ்வேறு துண்டுகளின் மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் ஒற்றுமை விகிதம் கிடைக்கும். எல்லாத் துண்டுகளையும் சேமிக்க இடம் போதாது. எனவே 128 ஹாஷ் சார்புகளில் ஒவ்வொன்றுக்கும் வரும் மிகச் சிறிய மதிப்பை மட்டும் வைத்துக்கொள்கிறோம். இரு பக்கங்களின் 128 எண்களில் எந்தப் பங்கு ஒத்துப்போகிறதோ, விகிதமும் ஏறக்குறைய அதுவே. மின்ஹாஷ் எனப்படும் இந்த உத்தியை 1997-இல் ஆண்ட்ரே பிராடர் எழுதிவைத்தார். இன்றும் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சின்ன வியப்புதான்.

முதல் வாரமே ஏமாற்றம். கண்ணுக்கு அச்சு அசலாகத் தெரிந்த இரண்டு பக்கங்கள் சேரவில்லை. ஒரு நாள் முழுக்கத் தேடிய பிறகு குற்றவாளி கோத்தகிரியின் 'கோ' என்று தெரிந்தது. ஒரு தளத்தில் 'ோ' ஒரே குறியீடாக இருந்தது. இன்னொன்றில் இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். திரையில் வேறுபாடே தெரியாது, ஹாஷுக்கோ இரண்டும் வேறு வேறு சொற்கள். அந்தச் சொல் வரும் ஐந்து ஷிங்கிள்களும் ஒவ்வொரு முறையும் பாழாயின. வெட்டுவதற்கு முன் இரண்டு வடிவங்களையும் ஒரே குறியீடாக்கும் இந்த ஒரு வரி போதும்:

```python
text = unicodedata.normalize("NFC", text)
```

தமிழ்ப் பக்கங்களுக்கு இதைப் போடாமல் கருவியைத் திட்டாதீர்கள். நான் திட்டியிருக்கிறேன்.

இனி கணக்குக்கு வருகிறேன். சென்ற மழையில் மண்சரிவால் மலை ரயில் 8-ஆம் தேதி வரை ரத்து என்று ஓர் அறிவிப்பு. பிறகு 15 வரை நீட்டிப்பு. என் தேடல் முதலாவதை மட்டும் காட்டியது. இரண்டாவதை நகல் என்று மறைத்துவிட்டது. கோயம்புத்தூர்ச் சித்தப்பா 9-ஆம் தேதி காலை 7:10 வண்டிக்கு மேட்டுப்பாளையம் போய் நின்றார். "உன் தேடலை நம்பித்தான் வந்தேனப்பா" என்றார் தொலைபேசியில், கோபப்படாமல். அதுதான் உறுத்தியது.

காரணம் அறிவிப்பில் இல்லை, அதைச் சுற்றியிருந்ததில் இருந்தது. இரண்டும் ஒரே தளத்தின் பக்கங்கள், ஒவ்வொன்றும் 600 சொற்கள். அதில் தொடர்ந்து வரும் 540 சொற்கள் தளத்தின் பட்டியல், விதிமுறை, தொடர்பு விவரம். அறிவிப்பு வெறும் 60 சொற்கள். பொதுத் துண்டுகள் 536, தனித் துண்டுகள் பக்கத்துக்கு 60. ஆக 536-ஐ 656-ஆல் வகுத்தால் 0.82. நகல் என்று கொள்ள நான் வைத்த எல்லை 0.7. அதாவது அறிவிப்பு முழுவதும் வேறாக இருந்திருந்தாலும் நகல் என்றே சொல்லியிருக்கும்!

சுற்றியிருந்த அந்தச் சட்டகத்தை உரித்து அறிவிப்பை மட்டும் வெட்டினேன். 60 சொற்களில் 56 துண்டுகள். நடுவில் ஒரு சொல் மாறினால் ஐந்து துண்டுகள் போகும். 51-ஐ 61-ஆல் வகுத்தால் 0.84, இன்னமும் நகல். தள்ளித் தள்ளி இரண்டு சொற்கள் மாறினால் 0.70, சரியாக எல்லைக்கோட்டில். 128 ஹாஷ் மதிப்பீடு 0.04 அளவு முன்பின் தவறும் என்பதால் ஒரு சோடி இந்தப் பக்கம் விழும், அதே போன்ற இன்னொரு சோடி அந்தப் பக்கம் விழும். 'மூடப்பட்டுள்ளது', 'திறக்கப்பட்டுள்ளது' என்ற வேறுபாடும் அதற்கு ஒரு சொல்தான். பர்லியாறு பாதையில் போகிறவருக்கு அப்படியா?

இப்போது எல்லையை 0.9-க்கு ஏற்றியிருக்கிறேன். தேதியோ வேறு எண்ணோ மாறியிருந்தால் சேர்க்காதே என்று தனியாக ஒரு சோதனையும் உண்டு. சேர்ந்தவற்றையும் மறைப்பதில்லை, புதியதை மேலே வைத்து, மற்றவற்றை அதன்கீழ் மடித்து வைக்கிறேன். விளைவு, ஒரு சொல்லை மாற்றி நகலெடுக்கும் தளங்கள் மறுபடி வரிசையாக நிற்கின்றன. முன்பு ஒன்பது, இப்போது மூன்று.

நண்பரிடம் வேண்டாம் என்றேன். என்னுடையதை மட்டும் ஏன் கழற்றவில்லை என்று கேட்டார். ஒன்பதைப் பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை என்றேன். நிரலை அனுப்பச் சொன்னார், அனுப்பிவிட்டேன். சித்தப்பா இப்போது புறப்படுவதற்கு முன் நிலையத்துக்கே தொலைபேசியில் கேட்டுவிடுகிறார்.