தலையணை உறையில் எண்ணெய்க் கறை: நாலு துண்டில் பார்த்தது

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன்தான் முதலில் சொன்னார்: “அக்கா, இந்தக் காலர்ல இன்னும் எண்ணெய் இருக்கு. பெட்டி வெச்சா மஞ்சளாயிடும்.” துவைத்துக் காய்ந்த சட்டை அது, பார்க்க வெள்ளையாகத்தான் இருந்தது. அவர் சொன்னபடியே ஆயிற்று.

பழியைத் தேங்காய் எண்ணெய் மேலேயே போடுகிறோம். ஆனால் அதில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. காற்றுபட்டு அவ்வளவு சீக்கிரம் மஞ்சளாகாது. மஞ்சளுக்குப் பெரும்பங்கு நம் தலைத்தோலே சுரக்கும் எண்ணெய். அதில் இருக்கும் ஸ்குவாலீன் என்ற பொருள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சுலபமாகச் சேர்ந்து நிறம் மாறுகிறது, சூடு பட்டால் இன்னும் வேகமாக. நல்லெண்ணெய் தேய்ப்பவர் வீட்டு உறையும் இதே காரணத்தால் சீக்கிரம் பழுக்கும். தேங்காய் எண்ணெய் தரும் தொல்லை வேறு: வியர்வை ஈரத்திலும் தோலிலுள்ள கிருமிகளாலும் அது உடைந்து கொழுப்பு அமிலமாகிறது. அந்தச் சிக்கு வாடை பெரும்பாலும் அதிலிருந்துதான். ஆக, எண்ணெயும் மஞ்சளும் இரண்டு தனி வேலை. இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பலரும் ப்ளீச் பக்கம் போகிறோம்.

வாடை போகாத ஒரு பழைய காட்டன் உறையை நாலாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு வழியில் துவைத்தேன்.

முதல் துண்டுக்கு பார் சோப்பும் பிரஷ்ஷும். எங்கள் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். அதிலுள்ள கால்சியத்தோடு சோப்பு சேர்ந்து பிசுபிசுப்பான வெள்ளைப் படிவாகிறது. அந்தப் படிவு நூலில் ஒட்டி, எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. காய்ந்த துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், முத்துப் போல நின்றது. எண்ணெய் போகவில்லை என்பதற்கு இதைவிட எளிய சோதனை கிடையாது. போய்விட்ட இடத்தில் சொட்டு உடனே உறிஞ்சிக்கொள்ளும்.

இரண்டாவதுக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட். இதில் முக்கியம், துணி நனையாமல் இருக்க வேண்டும். நனைந்துவிட்டால் லிக்விட் நீர்த்துப்போய், கறைமேல் நேராக வேலை செய்யாது. காய்ந்த கறைமேல் ஐந்தாறு சொட்டு விட்டு, விரலால் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினேன். சொட்டு உறிஞ்சியது, வாடை பாதிக்கு மேல் குறைந்தது. மஞ்சள் அப்படியே இருந்தது. இந்த வாரத்துக் காலர் கறைக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

மூன்றாவதுக்குச் சலவை சோடா. பிளாஸ்டிக் வாளியில் இரண்டு லிட்டர் கொதித்த தண்ணீரும் இரண்டு லிட்டர் குழாய்த் தண்ணீரும் கலந்து, ஒரு மேசைக்கரண்டி சோடா கரைத்து, 45 நிமிடம் ஊற வைத்தேன். தண்ணீர் தேநீர் நிறத்துக்குப் போனதைப் பார்த்து வயிறு கலங்கிவிட்டது, இத்தனை நாள் இதன்மேல்தான் தலை வைத்துத் தூங்கினோம். சிக்கிப்போன அமிலங்களைக் காரம் சோப்பாக்கிக் கரைத்து எடுத்துவிடுகிறது. உவர்மண் போட்டு வெள்ளாவி வைத்தவர்கள் செய்ததும் இதே வேலைதான். துணி வெளுப்பவர்களால் பெயர் பெற்ற எங்கள் பேட்டைக்கு இது புதிதில்லை. வாடை முழுக்கப் போயிற்று. மெல்லிய மஞ்சள் மட்டும் நின்றது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பட்டு, கம்பளி, அலுமினியப் பாத்திரம் மூன்றுக்கும் சோடா ஆகாது. சாயத்துணியை ஓரத்தில் சோதித்துவிட்டுப் போடுங்கள்.

நாலாவது, ப்ளீச். உடனே பளிச்சென்று வெளுத்தது. ஆனால் சொட்டு முத்தாகவே நின்றது. இஸ்திரி போட்டதும் வாடை எழும்பியது, ஓரத்தில் மஞ்சளும் திரும்பியது. நிறத்தை மட்டும் அழித்து எண்ணெயை உள்ளேயே விட்டால் வேறென்ன ஆகும்?

அப்புறம் மூன்றாவது துண்டில் மிச்சமிருந்த மஞ்சளுக்கு, குளோரின் இல்லாத ஆக்சிஜன் ப்ளீச் பொடியைச் சூடான தண்ணீரில் கரைத்து இரண்டு மணி நேரம் போட்டேன். எண்ணெய் ஏற்கெனவே வெளியேறியிருந்ததால் பொடி நேராக நிறத்தின்மேல் வேலை செய்தது. வெட்டிய ஓரத்தில் மட்டும் ஒரு கோடு மங்கலாகத் தெரிகிறது. பல மாதம் சூடு பட்டுப் பிசின்போல இறுகிய இடம் அது, அது இனி போகாது.

இப்போது எங்கள் வீட்டில் உறைகளை வாரம் ஒரு முறை லிக்விட் போட்டும், மாதம் ஒரு முறை சோடாவில் ஊற வைத்தும் துவைக்கிறோம். சொட்டு உறிஞ்சுகிறதா என்று பார்த்த பிறகுதான் சட்டை இஸ்திரி வண்டிக்குப் போகிறது.