நகைச்சீட்டு: பணமாகச் சேர்ப்பதா, கிராமாகச் சேர்ப்பதா?

நெல்லை டவுன் ரத வீதியில் சீட்டுப் போடப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். மாதம் ரூ.5,000 வீதம் 11 மாதம் கட்டுவதாகவும், கிராம் விலை ரூ.9,000-லிருந்து 10,000 ஆவதாகவும் வைத்துக்கொள்வோம்.

பணச்சீட்டு: ரூ.55,000-உடன் போனஸ் தவணை ரூ.5,000. கடைசி நாள் விலைக்கு 6 கிராம். ஆனால் 12 சதவீதச் சேதாரமும் இதிலேயே கழியும். கைக்கு வருவது சுமார் 5.35 கிராம்.

கிராம்சீட்டு: மாதாமாதம் அன்றைய விலைக்கு எடை வரவாகும், சுமார் 5.8 கிராம். போனஸ் இல்லை, சேதாரம் தள்ளுபடி. அதற்கு உச்சவரம்பு உண்டு. வரம்பு 12 சதவீதம், பிடித்த ஆரத்துக்குச் சேதாரம் 20 என்றால், மீதி 8 சதவீதத்துக்கு ரூ.4,600-க்கு மேல் கையிலிருந்து போகும். விலை இறங்கினாலும் நஷ்டம் நமக்குத்தான். பாஸ்புக்கில் ஒவ்வொரு மாதமும் கிராம் எழுதாவிட்டால் விலைப் பாதுகாப்புக்குச் சாட்சியே இல்லை.

இரண்டிலும் ஜிஎஸ்டி தனி. தவணை தவறினாலோ பாதியில் நிறுத்தினாலோ சலுகை போய்விடலாம்; தங்க நாணயம் வாங்கினால் பல கடைகள் சலுகை தருவதில்லை. கடை மூடினால் காப்பீடும் கிடையாது. வங்கி ஆர்டிக்கு ரூ.5 லட்சம் வரை உண்டு.

தை மாதக் கல்யாணத்துக்குச் சாதா வளையல், சங்கிலி எடுப்பவர்களுக்குக் கிராம்சீட்டு. விலை இறங்கும் என்று நினைப்பவர்களுக்குப் பணச்சீட்டு. நகையே உறுதியில்லை என்றால் ஆர்டி.